பால்வாடி ஆச்சியின் கடைசி நாள்: பிள்ளைகளிடமும் வீட்டாரிடமும் பேச ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து இறங்கும்போது 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வரப்போவதில்லை என்று ஊருக்கே தெரிந்தாலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அது வழக்கம். மூன்று வயசுப் பிள்ளைக்கு அது வாக்கு. 'வாரேன்னு சொன்னாவளே' என்று மறுநாள் காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பால்வாடியில் பல வருஷம் இருந்த ஆயா கடைசி நாளில் பேச எழுந்தால், இடறுவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் டீச்சர். எங்கள் உதவியாளர் 1991-ல் வேலைக்குச் சேர்ந்தவர். 34 வருஷம் அதே கட்டடம், அதே சாவி. எனக்கு அவர் அக்கா, பிள்ளைகளுக்கு ஆச்சி. ஓய்வு பெறும் நாளில் பேசச் சொன்னதும், 'டீச்சர், அஞ்சாங்கிளாஸ் படிச்சவ நான் என்னத்தப் பேச? நீங்களே எழுதித் தாங்க' என்று என் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டார். நானும் 'மதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். மூன்றாவது தடவை நோட்டை மூடி வைத்துவிட்டு, 'இது கலெக்டர் பேசுற மாதிரி இருக்கு' என்றார். சரிதான். அப்புறம் பத்து நாள் உட்கார்ந்து வேறு மாதிரி செய்தோம். அந்த வழியைத்தான் சொல்லப் போகிறேன். பேசப் போகிற ஆயாவுக்கும் இது உதவும், பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கும் உதவும்.

பேச்சை இரண்டாகப் பிரியுங்கள்

முதல் காரியம், ஒரே பேச்சில் எல்லாரையும் சேர்க்கப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு, வீட்டாருக்கு ஒரு பேச்சு. பிள்ளைகளுக்கு மூன்று நிமிஷம் போதும், அதற்கு மேல் பாயிலிருந்து எழுந்து போய்விடுவார்கள். வீட்டாருக்கு ஏழெட்டு நிமிஷம். பிள்ளைகளுடையது முதலில் முடிய வேண்டும்.

நேரம் காலை பத்தரை. மத்தியானத்துக்கு வைக்கவே வைக்காதீர்கள். சாப்பிட்டதும் பிள்ளைகள் தூங்கிவிடும். அது தூங்கும்போது ஆயா சத்தமில்லாமல் கிளம்பிவிடலாம், அழுகை மிச்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண் மூடியபோது இருந்த ஆள் திறந்தபோது இல்லை என்றால், அடுத்த ஒரு வாரம் பாயில் படுக்கவே மறுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பத்தரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் பாதி அம்மாமார் பீடி சுற்றுகிறவர்கள். சாயங்காலம் கடையில் கணக்குக் கொடுக்க வேண்டும். பத்தரைக்குக் கூப்பிட்டால் சுளகை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். மூன்று மணிக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். உங்கள் ஊரில் நடவோ அறுப்போ நடந்தால் அதற்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாமாருக்குத் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். இது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் பிள்ளைகள் 22 பேர். அவர்களுடைய அம்மாமாரில் நாலு பேர்தான் சின்ன வயசில் இந்தப் பால்வாடியில் இருந்தவர்கள். மற்றவர்கள் கல்யாணமாகி வெளியூரிலிருந்து வந்தவர்கள். அப்பாமாரில் 13 பேர் அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதாவது அவர் விடைபெற வேண்டிய பழைய பிள்ளைகள் அப்பாமார்தான். பால்வாடி நிகழ்ச்சி என்றால் எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் அவர்கள்தான். வீடு வீடாகப் போய்ச் சொன்னதில் ஆறு பேர் வந்தார்கள். திருப்பூரில் இருக்கிற ஒருவர் போனில் பார்த்தார்.

விருந்தினர் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து ஒருவர் பேசுவார், அவருக்கு முன்னால் பேசியவர் சொன்னதை இன்னொருவர் பேசுவார். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்த பிறகு அதெல்லாம் நடக்கட்டும். மைக்கும் வேண்டாம். பக்கத்து ஊரில் ஒரு தடவை வாடகை மைக் வீல் என்று கத்தியதில் சின்னதுகள் எல்லாம் சேர்ந்து அழுது, அன்றைக்குப் பேச்சே நடக்கவில்லை.

நாளைக்கு யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளைகள் கேட்கப் போவது ஒரே கேள்விதான். 'அப்ப நாளைக்கு யாரு?' நாளைக்கு யார் கதவு திறப்பார்கள், யார் கை கழுவி விடுவார்கள், யார் முட்டை உரிப்பார்கள். இதற்குப் பதில் இல்லாமல் பேச எழாதீர்கள். புது ஆள் வந்துவிட்டால் அவரை ஒரு வாரம் முன்னாலேயே வரச்சொல்லி, ஆயாவோடு சேர்ந்து முட்டை உரிக்கச் சொல்லலாம். பல இடங்களில் புது ஆள் உடனே வருவதில்லை. எங்களுக்கும் வரவில்லை. புது ஆள் வரும்வரை நானே எல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆனது. அதை அப்படியே சொல்லிவிட்டோம். 'புது ஆச்சி வருவாவ' என்று சும்மா சொல்லி வைத்திருந்தால், மறுநாள் இரண்டு பேரைத் தேடியிருப்பார்கள்.

பிள்ளைகளிடம் செய்தியை மேடையில் உடைக்கவும் கூடாது. மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள். ஒரு மாசம் முன்னால் சொல்வது வீண். அந்த வயசுக்கு அடுத்த மாசமும் அடுத்த வருஷமும் ஒன்றுதான். எங்கள் அக்கா சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று விரலைக் காட்டினார். மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒன்று. 'இத்தன நாள்தான் ஆச்சி வருவேன்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சிலர் கேட்டார்கள், சிலர் விரலைப் பிடித்து மடக்கினார்கள், சிலர் காதில் வாங்கவே இல்லை. எல்லாம் சரிதான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

மூன்று விஷயம் வர வேண்டும். நாளைக்கு வரமாட்டேன். நாளைக்கு உன்னைப் பார்த்துக்கொள்வது இன்னார். நான் போவது உன்னால் இல்லை.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இந்த வயசுப் பிள்ளை தன்னைச் சுற்றி நடப்பதையெல்லாம் தன்னோடு சேர்த்துத்தான் பார்க்கும். பியாஜே என்ற உளவியல் அறிஞர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவரைப் படிக்காவிட்டாலும் பால்வாடியில் ஒரு வாரம் இருந்தால் தெரிந்துவிடும். 'நீ சேட்டை பண்ணுனா ஆச்சி போயிருவேன்' என்று நாமே எத்தனை தடவை மிரட்டியிருக்கிறோம்? அந்த மிரட்டல் ஒருநாள் நிஜமாகவே நடக்கிறபோது பிள்ளை என்ன நினைக்கும்? ஆகவே அதைப் பேர் சொல்லி எடுத்துப் போட வேண்டும்.

எங்கள் அக்கா பேசியதைக் கிட்டத்தட்ட அவர் வாய்ச்சொல்லிலேயே தருகிறேன்:

'ஏ மக்களே, எல்லாரும் ஆச்சியப் பாருங்க. இன்னைக்கு விரல் இல்ல. இன்னைக்குத்தான் கடைசி நாள். நாளைக்கு ஆச்சி வரமாட்டேன். ஆச்சி எங்க இருப்பேன்? எங்க வீட்ல இருப்பேன். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால, வேப்பமரம் நிக்கில்லா, அந்த வீடு. நாளைக்குக் கதவு தொறக்கது டீச்சரு. கை கழுவி விடுதது டீச்சரு. முட்டை உரிச்சுத் தாரதும் டீச்சரு. ஆச்சிக்கு வயசாயிட்டு, அதான் வேல முடிஞ்சிட்டு. நீங்க சேட்ட பண்ணுனதுனால இல்ல. அழுததுனால இல்ல. சோத்தக் கொட்டுனதுனாலயும் இல்ல. ஆச்சிக்கு யாரு மேலயும் கோவம் இல்ல.'

இவ்வளவுதான். 'உங்களை விட்டுப் பிரிய மனசில்லை' என்ற வரி இதில் இல்லை. நான் எழுதிய வரைவில் இருந்தது, அவரே வெட்டிவிட்டார். 'மனசில்லன்னா ஏன் போறன்னு கேட்கும் புள்ளைய' என்றார்.

அழுகை வந்தால்? வரட்டும். ஆனால் பேச்சு முடிகிற வரைக்கும் குரல் உடையாமல் இருப்பது நல்லது. கலங்குகிறது என்றால் பேச்சை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, 'ஆச்சிக்கு அழுகை வருது, இப்ப சரியாயிரும்' என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஏன் அழுகிறார்கள் என்று தெரியாத அழுகைதான் பிள்ளைகளை மிரட்டும்.

காகிதத்துக்குப் பதில் ஒரு சுளகு

வாசித்துப் பழக்கமில்லாதவர் கையில் காகிதம் கொடுத்தால் பேச்சு காகிதத்தோடு முடிந்துவிடும். நாங்கள் ஒரு சுளகில் நாலு பொருளை வைத்தோம்: அவித்த முட்டை ஒன்று, சுருட்டிய சின்னப் பாய், எடை பார்க்கிற தராசின் கொக்கி, கதவுச் சாவி. வீட்டாருக்கான பேச்சுக்கு இதுதான் குறிப்பு. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுக்க வேண்டும், அதற்குரிய கதையைச் சொல்ல வேண்டும், சுளகில் திருப்பி வைக்காமல் பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுக்க வேண்டும். வரிசை மறக்காது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பொருள் நாலுக்கு மேல் போனால் பேச்சு இழுக்கும். நாங்கள் முதலில் ஏழு வைத்து ஒத்திகை பார்த்ததில் இருபது நிமிஷம் ஆனது.

பாய்க்கு 1992 வெள்ளம். தாமிரபரணி பொங்கிய அந்த நவம்பரில் பால்வாடிக்குள் தண்ணீர் வந்து, பாயெல்லாம் ஊறி, வெயில் வந்ததும் ஊரே சேர்ந்து கோயில் மதிலில் காயப்போட்ட கதை. அன்றைக்குப் பாய் தூக்கியவர்களில் இரண்டு பேர் இன்றைக்குத் தாத்தாமாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அக்கா பேசினார். நன்றி என்று தனியாக ஒரு பட்டியல் வேண்டியதில்லை என்பது இதில்தான் எனக்குப் புரிந்தது. செய்த காரியத்தைச் சொன்னால் செய்தவருக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டியல் போட்டால் யாராவது ஒருவர் விடுபடுவார், ஒரு தெரு முந்திவிட்டது என்று இன்னொரு தெரு பேசும். அப்படியும் பேர் சொல்ல வேண்டியிருந்தால் வயசு வரிசையில் சொல்லுங்கள்.

எந்தக் கதையைச் சொல்லக் கூடாது

இங்கேதான் அதிக கவனம் வேண்டும். ஒரு ஆயாவுக்கு ஊரில் எல்லா வீட்டு விஷயமும் தெரியும். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது, எது பாயை நனைத்தது, எதற்கு எடை ஏறவில்லை, யார் அப்பா குடித்துவிட்டு வந்து வாசலில் கத்தினார், எல்லாம். பாசத்தோடுதான் சொல்வார். ஆனால் கேட்கிற வீட்டாருக்கு அது சபையில் அவமானம்.

எங்கள் அக்கா முட்டைக்கு ஒரு கதை வைத்திருந்தார். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் முட்டை போடுகிற நாளெல்லாம் அதைத் தின்னாமல் டவுசர் பைக்குள் வைத்துத் தங்கச்சிக்குக் கொண்டு போவான். ஒருநாள் அது பைக்குள்ளேயே நசுங்கிவிட்டது. கேட்க எவ்வளவு நல்ல கதை! எனக்கே ஆசையாக இருந்தது. சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'வேண்டாம்க்கா. அப்ப வீட்ல ஒண்ணும் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்' என்றார். பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவனுக்குப் பெண் பார்க்கிற வயசில் இந்தக் கதை கூடவே வரும். விட்டுவிட்டோம். அதே பையன் தராசுக் கொக்கியைக் கண்டதும் ஓடி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான் என்பதைச் சொல்லலாமா என்று கேட்டோம். அம்மா சிரித்துவிட்டார். முட்டைக்கு வேறு கதை கிடைத்தது.

இதிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்: கதையைக் கேட்டு அந்த வீட்டுக்காரர் முதலில் சிரித்தால் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சிரிப்பார் என்றால் வேண்டாம்.

மன்னிப்பும் இப்படித்தான். 'தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க' என்று எல்லாரும் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. அக்காவுக்கு மனசில் ஒன்று நிஜமாகவே இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவர் அடுப்படியில் இருந்தபோது ஒரு பிள்ளை வாசல்படியில் விழுந்து நெற்றியில் மூன்று தையல். அதைச் சபையில் சொல்ல வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு ஆச்சி காப்பி போட்டுக் கொடுத்து, 'அத இன்னுமா நெனச்சிக்கிட்டு இருக்க?' என்று கேட்டார். சபையில் அதற்கு வேலை இல்லாமல் போனது.

சம்பளம், ஓய்வூதியம், தாமதம் என்று வாய்வரை வரும் குறைகள் எல்லாருக்கும் உண்டு. அதைச் சொல்ல உரிமையும் உண்டு. சொல்வதென்றால் ஒரு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு அடுத்த பொருளை எடுத்துவிடுங்கள். நடுவில் நின்று விளக்கினால் மீதிப் பேச்சு முழுக்க அதன் நிழலில்தான் நடக்கும்.

சாவி

கடைசிப் பொருள் சாவி. இதை மட்டும் பெரியவர்களுக்கான கதையாக வைக்காமல் பிள்ளைகளுக்கு நேராகச் செய்யுங்கள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூட்டிப் போவதற்கு முன்னால் அக்கா சாவியைத் தூக்கிக் காட்டி, 'இது யாருகிட்ட இருக்கும்?' என்று கேட்டார். 'ஆச்சிக்கிட்ட' என்று எல்லாரும் கத்தினார்கள். 'இனிமே டீச்சர்கிட்ட' என்று என் கையில் கொடுத்தார். நான் அதை என் சேலை முந்தியில் முடிந்துகொண்டேன். நாளைக்கு வரமாட்டேன் என்ற வார்த்தையைக் காதில் வாங்காத பிள்ளைகூட அந்த முடிச்சைப் பார்த்தது.

'போயிட்டு வாரேன்' என்ற சொல்லுக்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். பெரியவர்களிடம் அதைச் சொல்லாமல் இறங்க அக்காவுக்கு மனசு வராது, சொல்லாவிட்டால் ஊரும் விடாது. அதனால் பிள்ளைகள் பின்னால் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த பிறகு, முன்வாசலில் வைத்து வீட்டாரிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்தோம். நீங்களும் இதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். முக்கியமாக வயசான பெண்களிடம். நாங்கள் அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

சாவியைக் கொடுத்து அக்கா எழுந்ததும் ஒரு பாட்டி, 'ஏட்டி, சொல்லாமப் போகாத, போயிட்டு வாரேன்னு சொல்லு' என்று உரக்கச் சொன்னார். 34 வருஷப் பழக்கம் இல்லையா, அக்காவும் சட்டென்று, 'போயிட்டு வாரேன் ஆச்சி, போயிட்டு வாரேன் மக்களே' என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளைகள் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

இப்படி ஆகிவிட்டால் அங்கேயே திருத்தப் பார்க்காதீர்கள், குழப்பம் கூடும். மறுநாள் காலையில்தான் திருத்த முடியும். எங்களிடம் 21 பேர் வழக்கம்போல உள்ளே வந்துவிட்டார்கள். நாலு வயசுப் பெண் ஒருத்தி மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். 'ஆச்சி வாரேன்னாவ.' கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலை, ஒரே வரிசையில் சொல்ல வேண்டும். புதுசாக ஒன்றும் சேர்க்கக் கூடாது, சமாதானத்துக்காக 'நாளைக்கு வருவாவ' என்றும் சொல்லக் கூடாது. 'ஆச்சி அவிய வீட்ல இருக்காவ. வேப்பமரத்து வீடு. சாவி எங்கிட்ட இருக்கு. முட்டை நான் உரிச்சுத் தாரேன்.' நாலு தடவை சொன்னேன். முந்தியில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் உள்ளே வந்தாள்.

மத்தியானம் அவள் தட்டுக்கு முட்டை உரித்தேன். எனக்குப் பழக்கமில்லை, ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தவள், 'ஆச்சி இப்படிப் பிக்க மாட்டாவ' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.